நீத்துப்பெட்டிப் படத்தில அளவை எப்பிடிக் காட்டுறது? போனில பாத்தா ஒண்டும் விளங்கேல்லையாம்

ஓலைப்பெட்டி, பூநகரி

வணக்கம். நாங்கள் நாலைஞ்சு பெண்கள் சேர்ந்து பனையோலையில புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி இழைக்கிறம். கனடாவில இருக்கிற மச்சாள் அதை அமேசனில போட்டு விக்கிறா. இழைப்பைப் பற்றி ஒருத்தரும் குறை சொல்லேல்லை. ஆனா திரும்பி வாறதுகளில கனக்க "அளவு சரியில்லை" எண்டுதான் வருது. ஒருத்தர் சின்னன் எண்டுறார், இன்னொருத்தர் சட்டிக்குள்ள விழுந்திட்டுது எண்டுறார்.

படம் ஆறு போட்டிருக்கு. ரெண்டாவது படத்தில பெட்டியைச் சுத்திக் கோடு இழுத்து ஏழு விசயம் எழுதியிருக்கிறம்: இயற்கை ஓலை, சாயம் இல்லை, கையால இழைச்சது, வாய் விட்டம் 16 செ.மீ, ஆழம் 18 செ.மீ, தொங்கவிடுற வளையம், கழுவுற முறை. லப்டொப்பில வடிவா இருக்கு. போனில எழுத்தெல்லாம் எறும்பு ஊருற மாதிரி. மூண்டாவது படத்தில அளவு விளங்கட்டும் எண்டு பக்கத்தில ஒரு தேத்தண்ணிக் கோப்பை. அது கன்வாவில கிடைச்ச கோப்பைப் படம், எடுத்து ஒட்டினது.

படம் 2000க்கு 2000 பிக்சல். என்னத்தை மாத்த வேணும் எண்டு ஆராவது சொல்லுங்கோ.

முல்லைக்கரை

சிம்பிள் தங்கச்சி. எழுத்தைப் பெருசாக்குங்கோ. முதல் படத்திலயே "வாய் 16 செ.மீ" எண்டு பெரிய சிவப்பு எழுத்தில அடியுங்கோ. தேடேக்க முதலில தெரியிறது அந்தப் படம்தானே, அதிலயே அளவைச் சொல்லிட்டா பிழையா வாங்கிற ஆக்கள் குறைவினம். கோப்பையை விட்டுட்டுக் கையில பிடிச்சு ஒரு போட்டோ எடுங்கோ. கை எண்டால் எல்லாருக்கும் விளங்கும்.

தேன்கூடு

நானும் இதே பிரச்சினையிலதான் இருக்கிறன். ஒட்டுசுட்டான் பக்கத்துக் காட்டுத்தேன், 350 கிராம் போத்தல். லேபலில இருக்கிற எழுத்து போட்டோவில தெரியுதில்லை. லேபலை மாத்தி அடிக்க வேணுமோ? வவுனியாவில ஒரு லேபலுக்கு எவ்வளவு எடுக்கினம்?

அச்சுக்கூடம், மாங்குளம்

தேன்கூடு, உங்கட கேள்வி வேற. போத்தலில ஒட்டுற லேபலும் படத்துக்கு மேல போடுற எழுத்தும் ஒண்டில்லை. லேபல் கையில எடுத்து வாசிக்க அடிக்கிறது. அதை மாத்தாதேங்கோ. வாசிக்க வேண்டிய ஒரு விசயத்தை மட்டும் ரெண்டாவது படத்தில தனியாப் பெருசா எழுதினாக் காணும்.

முல்லைக்கரை சொன்னதில பாதி சரி. எழுத்து பெருசாக வேணும், அது உண்மை. ஆனா முதல் படத்தில எழுத்துப் போட அமேசன் விடாது. முதல் படத்துக்குப் பின்னணி சுத்த வெள்ளை, 255, 255, 255. சாமான் சட்டத்தின்ர 85 வீதத்தை நிரப்ப வேணும். எழுத்து, லோகோ, கூட விக்காத சாமான் ஒண்டும் வரக்கூடாது. மீறினா அந்த லிஸ்ட்டிங்கைத் தேடலில இருந்து மறைச்சுப் போடுவினம். விட்டாலும் பிரயோசனம் இல்லை. தேடல் பட்டியலில படம் போன் திரையின்ர பாதி அகலமும் வராது, மூண்டு சென்ரிமீற்றர் தேறும். அதில எந்த எழுத்தை வாசிக்கிறது? அந்தப் படத்தில கூம்பு வடிவம் பளிச்செண்டு தெரிஞ்சாக் காணும். நேர பக்கவாட்டில இருந்து, நுனி கீழ, வாய் மேல.

ரெண்டாவது படத்துக்கு வருவம். கன்வாவில காட்டுற எழுத்து நம்பரை நம்பாதேங்கோ. ஒவ்வொரு எழுத்துருவும் ஒரே நம்பரில வேற வேற உயரத்தில வரும். "க" எழுத்தை மட்டும் பாருங்கோ. அதுக்குப் பக்கத்தில ஒரு சின்னப் பெட்டியைக் கீறி உயரத்தைச் சரிக்கட்டினா எத்தினை பிக்சல் எண்டு தெரிஞ்சிடும். அளந்து சொல்லுங்கோ பிள்ளை.

ஓலைப்பெட்டி, பூநகரி

அளந்தன் அண்ணை. "க" 28 பிக்சல் உயரம் வருது.

அச்சுக்கூடம், மாங்குளம்

சரி, இப்ப அடிமட்டம் ஒண்டு எடுங்கோ. உங்கட போன் திரையின்ர அகலம் ஆறரை சென்ரிமீற்றர் கிட்ட இருக்கும். 2000 பிக்சல் படம் முழுக்க அந்த 65 மில்லிமீற்றருக்குள்ள சுருங்குது. அப்ப 28 பிக்சல் எண்டது 0.9 மில்லிமீற்றர். மருந்துப் பெட்டிக்குள்ள மடிச்சு வச்ச துண்டுக் கடதாசி எழுத்தை விடச் சின்னன். அதை ஆர் வாசிக்கப் போறது?

நான் வைக்கிற கணக்கு இதுதான். திரையில "க" ரெண்டு மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. 2000 பிக்சல் படத்தில அது 62 பிக்சல். முக்கியமான எண் ஒண்டு இருந்தா அது நாலு மில்லிமீற்றர், 125 பிக்சல் கிட்ட. ஆங்கிலத்தில கொஞ்சம் குறைச்சும் சமாளிக்கலாம். தமிழில ஏலாது. ணை, ஞ, ஜூ மாதிரி எழுத்துகளில சுழியும் காலும் கிட்டக்கிட்ட வந்து சின்ன அளவில ஒண்டோடொண்டு ஒட்டிப் போயிடும்.

இந்த அளவில வச்சுப் பாத்தா ஒரு வரிக்குப் பதினைஞ்சு எழுத்துப் போல தான் கொள்ளும். அப்ப ஏழு விசயம் எழுத இடமே இல்லை. கூட்டிக் குறைக்கிற பிரச்சினையும் அதோட முடிஞ்சுது.

எதைத் தூக்குறது எண்டால், கண்ணால தெரியிறதை எழுதாதேங்கோ. கையால இழைச்சது எண்டு ஓலையைப் பாத்தாலே தெரியும். இயற்கை ஓலை, சாயம் இல்லை எண்டதும் அப்பிடித்தான். கழுவுற முறை வாங்கினாப் பிறகு தேவைப்படுறது, அது விவரப் பகுதிக்குப் போகட்டும். மிஞ்சிறது வாய், ஆழம், வளையம். மூண்டுக்கும் மூண்டு கோடு. கோடு ஒவ்வொண்டும் 8 பிக்சல் தடிப்பாவது இருக்க வேணும். அது தொடுற இடத்தில ஒரு புள்ளி, மற்றக் கோட்டை வெட்டாமல். எழுத்தை ஓலைக்கு மேல வைக்காமல் வெள்ளைப் பக்கத்தில வையுங்கோ. காய்ஞ்ச ஓலை வெளிர் நிறம், அதுக்கு மேல வெள்ளை எழுத்து வெயிலுக்குள்ள காணாமலே போயிடும்.

சிவப்பும் வேண்டாம் முல்லைக்கரை. ஜேபெக் ஆகச் சுருக்கேக்க வெளிச்ச விவரத்தைக் கூடவும் நிற விவரத்தைக் குறையவும் வச்சிருக்கும். அதால நிறப் பின்னணியில மெல்லிசாச் சிவப்பு எழுத்துப் போட்டா ஓரம் அரிச்சுப் போன மாதிரி வரும். கடும் மண்ணிறம் அல்லது கறுப்பு, வெள்ளையில. அவ்வளவுதான்.

முல்லைக்கரை

சிவப்பை விடுறன் அண்ணை. ஆனா கையை விடமாட்டன். கை வச்ச போட்டோவுக்குத்தான் என்ர கடையில ஆக்கள் கூட நிக்கினம். சிப்பியில செய்த மாலை விக்கிறன், எல்லாம் கழுத்திலயும் கையிலயும் வச்சு எடுத்ததுதான்.

அச்சுக்கூடம், மாங்குளம்

மாலைக்குக் கழுத்துத்தான் சரி. அது அங்கதானே கிடக்கப் போகுது. நீத்துப்பெட்டி கையில கிடக்கிறேல்லையே.

கையில இன்னொரு சிக்கலும் இருக்கு. போனை அரை மீற்றரில வச்சு எடுக்கிறீங்கள் எண்டு வையுங்கோ. கை கமராவுக்கு 50 சென்ரிமீற்றரில, பெட்டி அதுக்குப் பின்னால 65இல. கை 1.3 மடங்கு பெருசாத் தெரியும், பெட்டி சின்னன் ஆகிடும். ரெண்டு மீற்றர் தள்ளி நிண்டு இரட்டைச் சூமில எடுத்தா அதே இடைவெளி 200க்கு 215. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. எதை ஒப்பிட்டாலும் ரெண்டும் கமராவில இருந்து ஒரே தூரத்தில நிக்க வேணும், கமரா தள்ளிப் போக வேணும். மேல இருந்து குனிஞ்சு எடுத்தா வாய் பெருத்து நுனி சிறுக்கும், அதுவும் பிழையான அளவுதான்.

ஒட்டின கோப்பையைப் பற்றி: அது எத்தினை சென்ரிமீற்றர் அகலம்?

ஓலைப்பெட்டி, பூநகரி

அது படம்தானே அண்ணை, எனக்கெப்பிடித் தெரியும். பாக்க அளவாத் தெரிஞ்ச அளவுக்குச் சுருக்கி வச்சன்.

அச்சுக்கூடம், மாங்குளம்

அதுதான் விசயம். அந்தக் கோப்பைக்கு அளவே இல்லை. படத்தில பெட்டியின்ர வாய் எத்தினை பிக்சல், கோப்பையின்ர வாய் எத்தினை பிக்சல் எண்டு பாருங்கோ.

ஓலைப்பெட்டி, பூநகரி

பெட்டி 800. கோப்பை 520.

அச்சுக்கூடம், மாங்குளம்

பெட்டியின்ர உண்மையான வாய் 16 சென்ரிமீற்றர் எண்டால் ஒரு சென்ரிமீற்றருக்கு 50 பிக்சல். அப்ப உங்கட கோப்பை 10.4 சென்ரிமீற்றர் அகலம். வீட்டில இருக்கிற கோப்பையை அளந்து பாருங்கோ, எட்டுக் கிட்டத்தான் வரும். பாக்கிற ஆள் மனசுக்குள்ள அந்தக் கோப்பையை எட்டு எண்டுதான் எடுக்கும். உடன பெட்டி 12 சென்ரிமீற்றராச் சுருங்கிப் போகும். அப்பிடி நினைச்சவை கையில வாங்கேக்க பெருசா இருக்கு எண்டுதான் சொல்லியிருப்பினம். சின்னன் எண்டு சொன்னவை வேற எதையோ நினைச்சிருக்கினம்.

ஒட்டத்தான் வேணும் எண்டால் உலகம் முழுக்க ஒரே அளவில இருக்கிறதை ஒட்டுங்கோ. பாங்க் காட் எல்லா நாட்டிலயும் 8.56க்கு 5.4 சென்ரிமீற்றர். உங்கட 50 பிக்சல் கணக்கில அது 428க்கு 270 பிக்சல். எங்கட பத்து ரூபாக் குத்தி கனடாவில ஆருக்கும் தெரியாது. A4 தாளும் வேண்டாம், அங்க பாவிக்கிற தாள் வேற அளவு.

ரொறன்ரோ மச்சாள்

நான்தான் அந்த மச்சாள். இவள் சொல்லித்தான் வந்தன். வாங்கின ஆக்கள் அனுப்பின மெசேஜ் எல்லாம் என்னட்டத்தான் வருது, அதால ஒண்டு சொல்லுறன். ஒருத்தரும் 16ஆ 18ஆ எண்டு கேக்கிறேல்லை. "என்ர சட்டிக்கு இது நிக்குமோ" எண்டுதான் கேக்கினம். இங்க புட்டுப்பானை எல்லாரிட்டையும் இல்லை. சாதாரண சோஸ்பான் 18, 20 சென்ரிமீற்றர் வாய். 16 வாய்ப் பெட்டி அதுக்குள்ள தொபுக்கெண்டு விழும்தானே. சின்னன் எண்டு சொன்ன ஆக்களின்ர சங்கதி அதுதான் எண்டு நினைக்கிறன்.

அச்சுக்கூடம், மாங்குளம்

இதைத்தான் முதலில கேட்டிருக்க வேணும். அப்ப பாங்க் காட்டும் வேண்டாம், கோப்பையும் வேண்டாம். பெட்டி நிக்கப் போறது பானை வாயில. அளவுப் படத்தில வர வேண்டிய சாமானும் பானைதான். 16, 18 எண்ட எண்கள் இழைக்கிற ஆளுக்கு. வாங்கிற ஆளுக்குத் தேவை "என்ர பானை வாய் எவ்வளவு இருக்க வேணும்" எண்ட ஒரு எண்.

பிள்ளை, வாய் 16, ஆழம் 18 எண்டது வெளிப்பக்க அளவோ? எந்தெந்தப் பானையில வச்சு அவிச்சுப் பாத்தனீங்கள்?

ஓலைப்பெட்டி, பூநகரி

வெளிப்பக்கம்தான் அண்ணை, வாய் விளிம்போட. பத்துக்குக் கீழ வாய் இருக்கிற பானையில பெட்டி உயர நிண்டு ஆடும், மேல் மாவும் வேகாது. 14க்கு மேல போனா விளிம்பு மட்டும்தான் பிடிக்கும், ஓலை நனைஞ்சு இளகினால் இறங்கிப் போகும். அம்மா ஆக்கள் பானை வாயில துணி சுத்தித்தான் வைப்பினம், ஆவி வெளியால போகாமல்.

அச்சுக்கூடம், மாங்குளம்

அருமை. அப்ப 10 தொடக்கம் 14. படத்தில இது மட்டும்தான் பெரிய எழுத்து. கனடாக் கடைக்கு இப்பிடி, மூண்டு வரியில:

```
Fits pot mouth
10–14 cm
4–5.5 in
```

நடு வரி 125 பிக்சல் உயரத்துக்கு. மற்ற ரெண்டும் 70.

இன்னொரு அளவும் உள்ளுக்குள்ள ஒளிச்சிருக்கு. கூம்பு எண்டபடியா பானை வாய் எவ்வளவோ அந்த அகலம் வாற இடம் வரைக்கும் பெட்டி இறங்கும். வாய் 12 எண்டால் 18ஐ 12ஆல பெருக்கி 16ஆல பிரியுங்கோ, 13.5. அவ்வளவும் பானைக்குள்ள தொங்கும். நுனி தண்ணியில படக்கூடாது. கீழ மூண்டு நாலு சென்ரிமீற்றர் தண்ணி எண்டு வச்சா பானை 17, 18 சென்ரிமீற்றர் ஆழம் இருக்க வேணும். 14 வாய்ப் பானையில பெட்டி 15.75 இறங்கும், அப்ப பானை 20க்குக் கிட்டப் போகுது. தட்டைச் சட்டி வச்சிருக்கிற ஆளுக்கு வாய் சரியா இருந்தும் புட்டு ஈரமாத்தான் வரும். அந்த ஆளும் திருப்பி அனுப்பும், காரணம் "அளவு" எண்டுதான் போடும்.

படம் இப்பிடி வரட்டும். ஒரு சென்ரிமீற்றருக்கு 50 பிக்சல் எண்டு முடிவெடுத்து எல்லாத்தையும் அதிலயே கீறுங்கோ. பெட்டி 800 அகலம், 900 உயரம். பானை வாய் 12 எண்டு வச்சு 600 அகலம். பானை ஆழம் 18, அது 900. பெட்டி பானை வாயில் இருந்து கீழ 675 இறங்கி நிக்கும், மேல 225 தெரியும். பானையைப் பாதி வெட்டின மாதிரிக் கீறி உள்ளுக்குத் தண்ணி மட்டத்தைக் காட்டுங்கோ. மொத்தம் 1125 உயரம், மேல மிச்சம் இருக்கிற இடத்தில அந்த மூண்டு வரி. தண்ணிக்கும் நுனிக்கும் இடையில ஒரு சின்ன அம்புக்குறி, "நுனி தண்ணியில படக்கூடாது" எண்டதுக்கு. அதுக்கு எழுத்துக் கூடத் தேவையில்லை.

கீழ் ஓரத்தில எழுத்து வைக்காதேங்கோ. போன் செயலிகளில படத்தின்ர கீழ புள்ளிகள் வரும், மேல் மூலையில இதயக்குறி வரும். நாலு பக்கமும் 150 பிக்சல் வெறுமையா விட்டா ஒண்டும் மறையாது.

வன்னிவெயில்

அண்ணை, குறுக்கால வாறன். கீறின படத்தை விட உண்மையான பானையில வச்சு ஆவி பறக்க எடுத்த போட்டோ நல்லது எண்டு நினைக்கிறன். கீறின பானையைப் பாத்தா ஆக்களுக்கு நம்பிக்கை வராது. சாப்பாட்டுச் சாமானுக்கு வாய் ஊற வேணும்.

அச்சுக்கூடம், மாங்குளம்

வாய் ஊற வேறொரு படம் இருக்கட்டும், ஆறு இடம் இருக்குத்தானே. ஆவிப் போட்டோவில உள்ளுக்குத் தொங்கிற பகுதி தெரியாது, பிரச்சினை அங்கதான். நான் கீறின படம் பக்கம். போட்டோ பக்கம் நிக்கிற ஆக்களும் இருக்கினம். மச்சாள் ரெண்டையும் மாறி மாறிப் போட்டு எதுக்குத் திரும்பி வாறது குறையுது எண்டு பாக்கலாம். ஒரு நேரத்தில ஒண்டைத்தான் மாத்த வேணும்.

தேன்கூடு

எனக்கும் ஒரு கேள்வி. நான் தராஸ் இணையக் கடையில போடுறன், தமிழில எழுதுறன். பாமினியில ரைப் பண்ணிக் கன்வாவில ஒட்டினா கண்டதையும் காட்டுது.

அச்சுக்கூடம், மாங்குளம்

பாமினி எழுத்துரு இருக்கிற இடத்திலதான் அது தமிழ். மற்ற இடத்தில வெறும் ஆங்கில எழுத்துகள். யூனிகோட்டில ரைப் பண்ணுங்கோ, கன்வாவில தமிழுக்கெண்டு இருக்கிற எழுத்துரு ஒண்டைத் தெரிவு செய்யுங்கோ. நோட்டோ சான்ஸ் தமிழ் சின்னத் திரைக்கு நல்லது. அழகெழுத்து, சரிஞ்ச எழுத்து ரெண்டும் வேண்டாம். பழைய போட்டோசொப்பில கொம்பு தள்ளி நிண்டா எழுத்து அமைப்பில தெற்காசிய மொழிகளுக்கான கொம்போசரைப் போட்டு விடுங்கோ, ஒழுங்காகிடும்.

ரொறன்ரோ மச்சாள்

இவள் புதுப் படத்தை வாட்ஸ்அப்பில அனுப்பினாள். எழுத்துப் பெருசு, ஆனா ஓரமெல்லாம் மங்கல்.

அச்சுக்கூடம், மாங்குளம்

போட்டோவா அனுப்பியிருப்பா, வாட்ஸ்அப் சுருக்கிப் போடும். டொக்கியுமென்டா அனுப்பச் சொல்லுங்கோ. ஏத்த முதல் ரெண்டு இடத்தில பாருங்கோ. லப்டொப்பில படத்தை அடிமட்டம் வச்சு ஆறரை சென்ரிமீற்றர் அகலத்துக்குச் சுருக்கி, கை நீட்டின தூரத்தில இருந்து ஒருக்கா. பிறகு போனைக் கொண்டு முத்தத்துக்குப் போய் வெயிலில ஒருக்கா. கண்ணாடி போடுற வயசாளி ஒருத்தரிட்டக் குடுத்து "பானை வாய் எவ்வளவு" எண்டு கேளுங்கோ. நீங்கள் எழுதினதை நீங்களே வாசிச்சா சரிவராது, உங்களுக்கு முதலே பாடம்.

ஓலைப்பெட்டி, பூநகரி

அப்பாவிட்டக் குடுத்தன். கண்ணாடி இல்லாமலே 10–14 எண்டு வாசிச்சார். அம்புக்குறியைப் பாத்திட்டு "தண்ணியை இதுவரைக்கும் விடச் சொல்லுதோ" எண்டு கேட்டார்.

அச்சுக்கூடம், மாங்குளம்

அப்ப அம்பு பிழையாக் கதைக்குது. எழுத்துத் தேவையில்லை எண்டு சொன்னது அந்த இடத்துக்குச் சரிவரேல்லை. அம்பை எடுத்திட்டு நுனிக்கும் தண்ணிக்கும் இடையில ரெண்டு குறுக்குக் கோடு போட்டு "இடைவெளி" எண்டு ஒரு சொல் வையுங்கோ, 62 பிக்சலில. கனடாப் படத்தில `gap`. திரும்ப அப்பாவிட்டக் குடுங்கோ.

முல்லைக்கரை

தமிழ் ஆக்கள்தானே வாங்கினம், கனடாப் படத்திலயும் தமிழில போட்டால் என்ன?

ரொறன்ரோ மச்சாள்

வாங்கிறது அம்மா ஆக்கள், ஓடர் போடுறது பிள்ளையள். இங்க பிறந்த பிள்ளையளில கனபேருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ரெண்டையும் போட்டா எழுத்துத் திரும்பச் சின்னன் ஆகிடும். எனக்கு இன்னும் முடிவில்லை. இப்போதைக்கு ஆங்கிலம்தான் போடுறன்.

அதோட ரெண்டு பேர் மின்சார ரைஸ் குக்கருக்கு மேல வைக்கலாமோ எண்டு கேட்டிருக்கினம். அதின்ர வாய் இருபதுக்கு மேல. இதுக்கும் ஒரு படம் போட வேணுமோ, இல்லாட்டி விவரப் பகுதியில எழுதினாக் காணுமோ?

ஓலைப்பெட்டி, பூநகரி

குக்கருக்கு நிக்காது மச்சாள். 24 வாயில பெரிய பெட்டி ஒண்டு இழைச்சுப் பாக்கலாம், ஆனா அதே சரிவில இழைச்சா ஆழம் 27 வரும், குக்கரின்ர அடியில முட்டும். தட்டையா இழைக்க ஏலுமோ எண்டு அம்மாவைக் கேட்டிட்டுச் சொல்லுறன்.